ஏப்ரல் 1 முடியாது, மே 1 முடியும்: திட்டம் தள்ளிப்போவதைச் சொல்லும் முறை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், பழைய கணக்கு மென்பொருளை விட்டு, கணக்கு, பில்லிங், ஸ்டோர் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் ஈஆர்பி மென்பொருளுக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் 1 அன்று தொடக்கம் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. பிப்ரவரி 23 அன்று பழைய தரவைப் புதிய மென்பொருளில் முதல் முறையாக ஏற்றிப் பார்க்கிறார்கள். துணி இருப்பு பொருந்தவில்லை. மீதமிருக்கும் ஐந்து வாரத்தில் இதைச் சரிசெய்து, சோதித்து, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து முடிக்க வழியில்லை என்று திட்டப் பொறுப்பாளருக்கு அன்றே தெரிந்துவிடுகிறது.

அந்த நாளிலிருந்து அடுத்த ஐந்து நாளில் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. உதாரணம் ஈஆர்பி என்றாலும், எந்தத் திட்டத்திலும் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பெரும்பாலும் இடறுவது வரிசையில்தான். கணக்குப் போடுவதற்கு முன்பே பேசிவிடுகிறார்கள், அல்லது கணக்கு முழுதாகட்டும் என்று இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

1. பேசுவதற்கு முன் மீதி வேலையை எண்ணுங்கள்

இதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் செய்தி வேறு வழியாக முதலாளி காதுக்குப் போய்விடும். ஸ்டோரில் நடப்பது மாலைக்குள் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும்.

வேலை செய்பவரிடம் "எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்காதீர்கள். நல்லெண்ணத்தில் குறைவான எண்ணைத்தான் சொல்வார். "இதுவரை ஒரு நாளில் எவ்வளவு முடிந்தது?" என்று கேளுங்கள். அது நடந்த கணக்கு, அதில் ஆசைக்கு இடமில்லை.

நம் உதாரணத்தில் துணி, நூல், அக்சசரீஸ் பட்டியலில் 1,800 பெயர்களைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு ஸ்டோர்காரர்கள் தங்கள் வழக்கமான வேலைக்கு நடுவே அரை நாள் உட்கார்ந்து, நாளுக்கு 60 பெயர் முடித்திருக்கிறார்கள். அப்படியே போனால் 30 வேலை நாள், அதாவது ஐந்து வாரம். இருவரையும் முழு நேரமும் இதற்கே விட்டால் 120 ஆகும் என்று தோன்றும். ஆனால் சந்தேகமுள்ள ரோலை எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்து வர வேண்டியிருக்கிறது, கேள்வி கேட்டு வருபவர்களும் நிற்க மாட்டார்கள். 100 என்று வைப்பதே சரி. அப்போது 18 வேலை நாள், மூன்று வாரம்.

இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாக வைத்திருங்கள். பின்னால் கேட்கப்போகும் மிக முக்கியமான முடிவு இவற்றின் வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பிறகு மற்ற வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குங்கள். இரண்டாவது முறை தரவை ஏற்றிப் பார்க்க ஒரு வாரம். பயன்படுத்தப்போகிறவர்களே உட்கார்ந்து சோதிக்க இரண்டு வாரம் (பயிற்சியும் இதற்குள்ளேயே). முழு ஒத்திகைக்கு ஒரு வாரம். எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். பட்டியல் சுத்தமாகாமல் இரண்டாவது ஏற்றம் செய்தால் அதே தவறுகள் திரும்ப வரும், ஒரு வாரம் வீணாகும்.

பழைய திட்டத்தின் கால அளவுகளை அப்படியே எடுத்து, தேதியை மட்டும் நகர்த்துவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த அளவுகள் பொய்த்ததால்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

2. புதிய தேதி எங்கே விழ முடியும் என்று பாருங்கள்

மார்ச் 2 அன்று வேலை தொடங்கினால் இப்படி வரும்:

- மார்ச் 2 – 22: பெயர்ப் பட்டியலைச் சரிசெய்தல்
- மார்ச் 23 – 29: இரண்டாவது சோதனை ஏற்றம்
- மார்ச் 30 – ஏப்ரல் 1: ஆண்டு முடிவு இருப்பு எண்ணிக்கை, திட்ட வேலை எதுவும் இல்லை
- ஏப்ரல் 2 – 15: பயன்படுத்துவோர் சோதனையும் பயிற்சியும்
- ஏப்ரல் 16 – 22: முழு ஒத்திகை

ஏப்ரல் 23 அன்று தயார். அப்படியானால் அன்றே தொடங்கிவிடலாமே என்று பலரும் நினைப்பார்கள். முடியாது. அந்த மாதத்து விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மாதத்தின் நடுவில் மாறினால் பாதி பில் பழைய மென்பொருளிலும் பாதி புதியதிலும் இருக்கும். இரண்டையும் கையால் சேர்த்து, விடுபட்டதா, இருமுறை வந்ததா என்று கணக்குப் பிரிவு தேட வேண்டிவரும். அதனால் மாதத்தின் முதல் நாளில்தான் மாற முடியும்.

ஆக, மே 1. அன்று தொழிலாளர் தின விடுமுறை என்பது இங்கே வசதி. ஏப்ரல் 30 மாலை உற்பத்தி நின்றதும் இருப்பை எண்ணத் தொடங்கி, சரக்கு நகராத ஒரு முழு நாளில் ஏற்றி முடிக்கலாம்.

ஏப்ரல் 23 முதல் 30 வரை எட்டு நாள் கையிருப்பாக நிற்கிறது. இதை மறைக்க வேண்டாம், சும்மா விட்ட நாள் என்றும் காட்ட வேண்டாம். சோதனை நடக்கும் இரண்டு வாரத்தில்தான் ஏப்ரல் 11 தாக்கலும் 14 புத்தாண்டு விடுமுறையும் வருகின்றன. அங்கே போகும் நாட்களை ஈடுகட்ட இது வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்த எட்டு நாளும் கரைந்துபோனால் அடுத்த தேதி மே 8 அல்ல, ஜூன் 1. ஒரு வாரத் தாமதம் இங்கே ஒரு மாதத் தாமதமாகிறது. உங்கள் திட்டத்தில் இப்படிப் படிக்கட்டாக விழும் தேதிகள் இருந்தால் கேட்பவர்களுக்கு அதை முதலிலேயே காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் "இன்னும் ஒரு வாரம்தானே" என்ற எண்ணத்தோடு கேட்பார்கள்.

3. காரணத்தை ஒரு படி உள்ளே போய்ச் சொல்லுங்கள்

"தரவு சரியில்லை" என்பது காரணம் ஆகாது. அதைக் கேட்டவர் எந்த முடிவும் எடுக்க முடியாது. "ஸ்டோர் ஒழுங்காகப் பதியவில்லை" என்பது அதைவிட மோசம். உண்மை அதுவாக இல்லாதபோது, அடுத்த மூன்று வாரம் யாருடைய உழைப்பை நம்பி இருக்கிறோமோ அவர்களையே குற்றவாளியாக்குகிறது.

நம் உதாரணத்தில் நடந்தவை இரண்டு. பழைய மென்பொருளில் யார் வேண்டுமானாலும் புதிய துணிப் பெயர் திறக்கலாம். அதனால் ஒரே துணி "30ஸ் சிங்கிள் ஜெர்சி ஒயிட்" என்றும் "எஸ்.ஜே. 30 வெள்ளை" என்றும் இரண்டு பெயரில் இருக்கிறது. வாங்கியது ஒரு பெயரில், கட்டிங்குக்குக் கொடுத்தது மற்றொரு பெயரில். ஒன்றில் இருப்பு ஏறிக்கொண்டே போகிறது, மற்றது மைனஸில் நிற்கிறது.

இரண்டாவது, டையிங். துணி சாயப் பட்டறைக்குப் போகும்போது ஓர் எடை, திரும்பும்போது அதைவிடக் குறைவான எடை. இந்தச் சேதாரத்தைப் பழைய மென்பொருளில் எழுத இடமே இல்லை. அதனால் சரக்கோடு போகும் டெலிவரி சலானான டி.சி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கிலோ இன்னும் பட்டறையில் இருப்பதாகவே காட்டுகிறது. யாரும் பார்க்காததால் யாருக்கும் தொந்தரவு இல்லை. புதிய மென்பொருள் அதைக் கையிருப்பாக எடுத்துக்கொண்டபோதுதான் வெளியே வந்தது.

இவை பல வருடமாக இருந்தவை. அப்படியென்றால் பிப்ரவரி கடைசியில்தான் ஏன் தெரிந்தது? இதுதான் தாமதத்தின் உண்மையான காரணம். முதல் சோதனை ஏற்றம் ஜனவரியில் நடந்திருக்க வேண்டும். பட்டியல் வரவில்லை என்று தள்ளிவைத்தபோது, கிடைத்த பாதியையாவது ஏற்றிப் பார்த்திருக்கலாம். அது திட்டப் பொறுப்பாளரின் பிழை. அதை ஒரே வாக்கியத்தில், நீங்களே சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொன்னால் அது ஒரு வாக்கியத்தோடு முடியும். மற்றவர் கண்டுபிடித்தால் கூட்டம் முழுக்க அதுதான் பேச்சு.

காரணம் இரண்டு, அதிகபட்சம் மூன்று போதும். ஒவ்வொன்றையும் எழுதிய பிறகு உங்களையே கேளுங்கள்: புதிய திட்டத்தில் எந்த வரி இதைச் சரிசெய்கிறது? பதில் இல்லையென்றால் ஒன்று அந்தக் காரணம் தேவையில்லாதது, அல்லது திட்டத்தில் ஓட்டை இருக்கிறது.

4. தேவையான முடிவுகளைக் கேள்வியாக எழுதுங்கள்

தாமதத்தைச் சொல்லும் கடிதங்களில் மிகவும் பலவீனமான வாக்கியம் "அனைவரின் ஒத்துழைப்பையும் வேண்டுகிறோம்" என்பதுதான். யார், எதை, எப்போது என்று இல்லை. படித்தவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒவ்வொரு முடிவுக்கும் நான்கு விஷயங்கள் வேண்டும்: கேள்வி, முடிவெடுக்க வேண்டியவர், கடைசி நாள், அந்த நாளுக்குள் முடிவு வராவிட்டால் என்ன ஆகும் என்பது. கூடவே உங்கள் பரிந்துரையும் இருக்கட்டும். தேர்வுகளை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றால், விவரம் குறைவாகத் தெரிந்தவர் மேல் பாரத்தை ஏற்றுகிறீர்கள்.

முதல் முடிவு தேதி பற்றியது. மே 1 அன்று எல்லாப் பிரிவும் சேர்ந்து மாறுவதா, ஏப்ரல் 1 அன்று கணக்கும் பில்லிங்கும் மட்டும் மாறி, ஸ்டோர் பின்னால் வருவதா? இரண்டாவது வழி கவர்ச்சியாகத் தெரியும், சொன்ன தேதியைக் காப்பாற்றியது போலவும் இருக்கும். ஆனால் பில் புதியதில், இருப்பு பழையதில் என்றால் வெளியே போகும் ஒவ்வொரு சரக்கையும் இரண்டு இடத்தில் பதிய வேண்டும். எந்த ஆட்களின் நேரம் போதவில்லையோ அவர்கள் மேலேயே இரட்டை வேலை விழும். பரிந்துரை: மே 1, முழுமையாக. முடிவெடுப்பவர் எம்.டி.

இரண்டாவது முடிவுதான் மற்றதையெல்லாம் தாங்கி நிற்கிறது. இரண்டு ஸ்டோர்காரர்களை மார்ச் 2 முதல் 22 வரை முழு நேரமும் விடுவிக்க முடியுமா? முடிவெடுப்பவர் உற்பத்தி மேலாளர். முடியாதென்றால் மூன்று வாரம் ஐந்து வாரமாகும், ஒத்திகை மே 6 வரை போகும், தொடக்கம் ஜூன் 1. இந்தத் தொடர்பை இப்படியே எழுதுங்கள். இரண்டு ஆட்களை மூன்று வாரம் கேட்பது பெரிதாகத் தெரியும். ஒரு மாதத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அளவு புரியும். அந்த மூன்று வாரமும் அவர்களுடைய அன்றாட டி.சி. வேலையை யார் பார்ப்பது என்பதற்கும் ஒரு யோசனையோடு போங்கள்.

மூன்றாவது பில் எண் வரிசை. ஏப்ரல் மாத பில்கள் பழைய மென்பொருளில் போகும், மே முதல் புதியதில். ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டுக்குள் பில் எண் திரும்ப வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேல் போகவும் கூடாது. வரிசைகள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். எனவே புதியதில் வேறு முன்னெழுத்தோடு தொடங்கலாமா, அல்லது பழைய எண்ணிலிருந்தே தொடரலாமா என்று ஆடிட்டர் சொல்ல வேண்டும். இதற்கு மார்ச் 20 வரை நேரம் இருக்கிறது. அவசரமில்லாததற்கு அவசரத் தேதி போடாதீர்கள், அவசரமானவை அதில் மறைந்துவிடும்.

5. கூட்டத்துக்கு முன் தனித்தனியாகச் சொல்லுங்கள்

பிப்ரவரி 26 காலை முதலில் எம்.டி.யிடம். பத்து நிமிடம், நேரில். முதல் வாக்கியத்திலேயே செய்தி இருக்க வேண்டும்: "சார், ஏப்ரல் 1 முடியாது. மே 1 ஆகும். அதற்கு உங்களிடமிருந்து ஒரு முடிவும், உற்பத்தி மேலாளரிடமிருந்து ஒரு முடிவும் வேண்டும்." பின்னணியிலிருந்து தொடங்கினால், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்ற கவலையில் அவர் காரணம் எதையும் கேட்க மாட்டார்.

அடுத்து உற்பத்தி மேலாளர். அவருடைய ஆட்களைக் கேட்கப்போகிறீர்கள் என்பதை எல்லோர் முன்பும் முதல் முறையாகக் கேட்டால், யோசிக்க நேரமில்லாமல் "முடியாது" என்றுதான் சொல்வார். ஒருமுறை சபையில் சொன்னதை யாரும் எளிதில் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். தனியாகக் கேட்டால், "இரண்டு பேரும் முடியாது, ஒருவரை முழு நாளும் இன்னொருவரை மதியத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஏதாவது வழி வரும். அப்படி வந்தால் எண்ணை மறுபடி போடுங்கள். வாயால் ஒப்புக்கொண்டு பழைய கணக்கையே கூட்டத்தில் காட்டுவது ஆபத்து.

பிறகு கணக்குப் பிரிவு மேலாளர், கடைசியாக மென்பொருள் தந்த நிறுவனத்தின் ஆள். ஸ்டோர்காரர்கள் இருவரிடமும் அன்றே பேசிவிடுங்கள். தங்கள் வேலை மாறப்போகிறது என்று வேறு யாரோ சொல்லி அவர்கள் கேட்கக்கூடாது.

எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும். ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாத இரவு ஒன்று நடுவில் வந்தாலே வதந்தி பிறக்கும்.

6. அன்று மாலையே எழுத்தில் அனுப்புங்கள்

ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். வரிசை இது: புதிய தேதி, காரணம், திட்டம், முடிவுகள், மாறாதவை. மாதிரி ஒன்று:

> பொருள்: ஈஆர்பி தொடக்கம் ஏப்ரல் 1-க்குப் பதில் மே 1. இரண்டு முடிவுகள் பிப்ரவரி 28-க்குள் தேவை
>
> ஏப்ரல் 1 அன்று ஈஆர்பியைத் தொடங்க முடியாது. புதிய தேதி மே 1.
>
> பிப்ரவரி 23 சோதனையில் துணி இருப்பு பொருந்தவில்லை. ஒரே துணிக்குப் பல பெயர்கள் உள்ளன. டையிங் சேதாரம் பழைய மென்பொருளில் பதிவாகவில்லை. ஜனவரியில் செய்ய வேண்டிய சோதனையை நான் தள்ளிவைத்ததால் இது தாமதமாகத் தெரிந்தது.
>
> மார்ச் 22-க்குள் 1,800 பெயர்களைச் சரிசெய்து, ஏப்ரல் 15-க்குள் சோதனையும் பயிற்சியும், ஏப்ரல் 22-க்குள் ஒத்திகையும் முடிப்போம். அதன்பின் எட்டு நாள் கையிருப்பு உள்ளது. மே 1 தவறினால் அடுத்த தேதி ஜூன் 1.
>
> முடிவு 1 (எம்.டி.): மே 1 அன்று எல்லாப் பிரிவும் சேர்ந்து மாறலாமா? பரிந்துரை: ஆம்.
> முடிவு 2 (உற்பத்தி மேலாளர்): மார்ச் 2 – 22 இரண்டு ஸ்டோர்காரர்கள் முழு நேரம். கிடைக்காவிட்டால் தொடக்கம் ஜூன் 1.
> முடிவு 3 (ஆடிட்டர், மார்ச் 20-க்குள்): மே மாத பில் எண் வரிசை.
>
> மாறாதவை: மார்ச் 31 இருப்பு எண்ணிக்கையும் ஏப்ரல் மாத பில்லிங்கும் பழைய மென்பொருளிலேயே வழக்கம்போல் நடக்கும். ஷிப்மெண்ட் எதுவும் இதனால் பாதிக்கப்படாது.

பொருள் வரியிலேயே தேதி இருப்பதைக் கவனியுங்கள். பலர் போனில் அந்த வரியை மட்டும்தான் பார்ப்பார்கள். "திட்ட நிலவரம்" என்று போட்டால் திறக்கவே மாட்டார்கள், பிறகு "எனக்குச் சொல்லவில்லை" என்பார்கள்.

கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். தேதி மாறுகிறது என்று கேட்டதும் ஒவ்வொருவரும் தன் வேலையைத்தான் நினைப்பார்கள். மெர்ச்சண்டைசருக்கு ஷிப்மெண்ட் கவலை, கணக்குப் பிரிவுக்கு ஆண்டு முடிவு. எது மாறாது என்று எழுதிவிட்டால் பாதி போன் வராது.

"சுமார்", "கூடிய விரைவில்" போன்ற சொற்களைத் தேடி எடுத்துவிடுங்கள். மன்னிப்பு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். நீண்ட மன்னிப்பு, கேட்ட முடிவுகளை மறைத்துவிடும்.

7. கூட்டத்தில் வரும் மூன்று கேள்விகள்

மறுநாள் அரை மணி நேரம் போதும். கடிதத்தைத் திரும்பப் படிக்காதீர்கள். நேராக முடிவுகளுக்குப் போங்கள். இந்த மூன்றும் எப்படியும் வரும்.

"ஏப்ரல் 15-க்குள் முடிக்க முடியாதா?" தொடங்குவது மாதத்தின் முதல் நாளில்தான் முடியும் என்பதையும், 15-க்கு முன் தயாராக வேண்டுமானால் ஒத்திகையையே விட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அழுத்தம் தாங்காமல் "முயற்சி பண்றோம் சார்" என்று சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் காதில் அது வாக்குறுதியாகவே விழும். புதிதாக வருபவர்கள் பலர் இந்த இடத்திலும் தவறுகிறார்கள். இரண்டாவது தாமதம் இங்கேயே தொடங்குகிறது.

"இன்னும் நாலு பேரைப் போட்டால்?" ரோலைத் தொட்டுப் பார்த்து இது எந்தத் துணி என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்த இருவர்தான். வெளியாட்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவும் இவர்களே உட்கார வேண்டும். ஆட்கள் உதவக்கூடிய இடம் வேறு: அன்றாட டி.சி. எழுத ஒருவர் கிடைத்தால் இவர்கள் விடுபடுவார்கள். அதைக் கேளுங்கள்.

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" கடிதத்தில் உள்ள அதே வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துங்கள்.

8. அதன்பின் வாரம் ஒரு எண்

எடுத்த முடிவுகளை அன்றே நாலு வரியில் எல்லோருக்கும் அனுப்புங்கள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஓர் எண்: 1,800-ல் எத்தனை முடிந்தது. "நன்றாகப் போகிறது" என்பதை யாரும் சரிபார்க்க முடியாது, எண்ணை முடியும்.

எச்சரிக்கை எல்லையை இப்போதே அறிவித்துவிடுங்கள். மார்ச் 14-க்குள் 12 வேலை நாள் ஆகியிருக்கும், 1,200 முடிந்திருக்க வேண்டும். 1,000 மட்டுமே முடிந்திருந்தால் வேகம் நாளுக்கு 83. மீதி 800-க்கு இன்னும் பத்து வேலை நாள் ஆகும், திட்டமிட்டதோ ஆறு. கையிருப்பு நாட்களில் பாதி அங்கேயே போய்விடும். அன்றே எம்.டி.யிடம் சொல்ல வேண்டும், மார்ச் 22 வரை காத்திருக்கக்கூடாது. 850-க்குக் கீழே இருந்தால் மே 1 கையைவிட்டுப் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு, ஜூன் 1 பற்றிய பேச்சைத் தொடங்குங்கள்.

ஒத்திகை முடிந்தபின், ஏப்ரல் 24 அன்று தொடங்கலாமா வேண்டாமா என்ற கடைசி முடிவுக்கு ஒரு கூட்டத்தை இப்போதே குறித்துவையுங்கள்.

கடைசியாக, பழைய தேதியை நம்பி ஏற்பாடு செய்தவர்களின் பட்டியல் ஒன்று போடுங்கள். இது எப்போதும் மறந்துபோகிற வேலை. மார்ச் 31-ல் முடியும் பழைய மென்பொருளின் பராமரிப்பு ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டு முடிவு நேரத்தில் கோளாறு வந்தால் கூப்பிட ஆளில்லை. ஏப்ரல் முதல் புதிய படிவத்தில் டி.சி. வரும் என்று சொல்லிவைத்த சாயப் பட்டறைகளுக்கும் பிரிண்டிங் யூனிட்டுகளுக்கும் மே என்று சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தை அச்சடிக்கக் கொடுத்திருந்தால், அதில் தேதியோ பழைய எண் வரிசையோ ஏறுவதற்கு முன் அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள்.